கப்கேக்கின் நடு ஏன் குழிகிறது?

ஓவனுக்குள் போன கப்கேக் மாவில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று உப்புவது, இன்னொன்று இறுகுவது. பேக்கிங் பவுடரிலிருந்து கிளம்பும் வாயு, வெண்ணெயோடு சேர்த்து அடித்த காற்று, மாவிலுள்ள நீரின் ஆவி ஆகிய மூன்றும் மாவை மேலே தூக்குகின்றன. முட்டையும் மைதாவும் சூட்டில் கெட்டிப்பட்டு, தூக்கிய உயரத்திலேயே அதை நிறுத்தி வைக்கின்றன. சாதாரண அளவுள்ள கப்கேக் முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் உப்ப வேண்டியதில் பெரும்பகுதியை உப்பிவிடும். இறுகும் வேலை அப்படியல்ல. அது கப்பின் ஓரத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து, கடைசியில்தான் நடுவுக்கு வந்து சேரும். அதற்குள் ஓவனை அணைத்துவிட்டால், நடுவைத் தாங்கி நின்றது வெறும் சூடான வாயுதான். வெளியே எடுத்ததும் வாயு குளிர்ந்து சுருங்கும், நடு குழியும். பெரும்பாலான வீடுகளில் குழிந்த கப்கேக்கும் வேகாத கப்கேக்கும் தனித்தனிக் கோளாறுகள் அல்ல. குழியைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே களிபோல் ஈரம் இருக்கும்.

இட்லியில் இந்தத் தொல்லை குறைவு. ஆவியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் அடுப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் இட்லிக்குக் கிடைக்கும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான். நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஓவனுக்கு அப்படிப்பட்ட இயற்கையான எல்லை எதுவும் கிடையாது. 150 டிகிரியிலும் மாவு வேகும், 220-லும் வேகும், இரண்டிலும் வேறு வேறு பண்டம் வெளியே வரும். அதனால் சமையல் குறிப்பில் எழுதியிருக்கும் ‘20 நிமிடம்’ என்பது, உள்ளே உண்மையில் எத்தனை டிகிரி இருக்கிறது என்று தெரியாதவரை, ஒரு பொருளும் இல்லாத எண்.

கப்கேக்கிலும் மஃபினிலும் நடுப்பகுதி சுமார் 95 முதல் 98 டிகிரிக்கு வரும்போது வெந்துவிட்டது என்று கொள்ளலாம். முட்டை அதைவிட எவ்வளவோ குறைந்த சூட்டில் உறையுமே என்று தோன்றலாம். ஆனால் சர்க்கரை நிறையச் சேர்ந்த மாவில் முட்டை உறைவதும் மைதா வீங்கிக் கெட்டிப்படுவதும் தாமதமாகின்றன. இனிப்பைக் கூட்டக் கூட நடு வேக நேரம் பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்

மஃபின், கப்கேக் இரண்டும் ஒரே தட்டில், ஒரே அளவுக் கப்பில் வேகின்றன. வேறுபாடு கலக்கும் முறையிலும் வேண்டிய வடிவத்திலும் இருக்கிறது. மஃபினில் ஈரப் பொருள்களைத் தனியாகவும் உலர்ந்தவற்றைத் தனியாகவும் கலந்து, கடைசியில் இரண்டையும் சேர்த்து நாலைந்து சுற்றில் நிறுத்திவிடுவார்கள். அங்கங்கே சிறு கட்டிகள் இருந்தால் பரவாயில்லை. மேலே குன்றுபோல் எழுந்து வெடித்திருப்பது அதற்கு அழகு. கப்கேக் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடித்துச் செய்யும் சிறிய கேக். மேலே கிரீம் வைக்க வேண்டும் என்பதால் தலை தட்டையாக இருப்பது நல்லது.

இந்த வடிவ வேறுபாட்டை வெப்பநிலையே உண்டாக்குகிறது. சூடு அதிகமாக இருந்தால் ஓரம் சீக்கிரம் இறுகி நின்றுவிடும். இன்னும் இளகியிருக்கும் நடுப்பகுதிக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை, அதனால் குன்று எழுகிறது. சூடு மிதமாக இருந்தால் ஓரமும் நடுவும் கிட்டத்தட்டச் சேர்ந்தே எழும், தலை தட்டையாக வரும். ஆகவே கப்கேக்குக்கு 170 முதல் 175 டிகிரி, 18 முதல் 22 நிமிடம். மஃபினுக்கு முதல் ஐந்து நிமிடம் 210, பிறகு கதவைத் திறக்காமல் 180-க்குக் குறைத்து இன்னும் 13 முதல் 16 நிமிடம். இவை மேல்வாய் ஏறக்குறைய 7 செ.மீ. அகலமுள்ள வழக்கமான கப்புக்கான கணக்கு. ஒரே வாயில் போடும் குட்டிக் கப்பென்றால் 10 முதல் 12 நிமிடத்தில் முடிந்துவிடும். காற்றாடி சுழலும் ஓவனில் சூடான காற்று கப்பின் மேல் வந்து மோதுவதால் எல்லா எண்ணிலும் 20 டிகிரியைக் கழிக்க வேண்டும்.

குமிழ் சொல்வதும் உள்ளே இருப்பதும்

தமிழ்நாட்டு வீடுகளில் ஓவன் என்றால் பெரும்பாலும் 20 முதல் 30 லிட்டர் கொள்ளளவுள்ள ஓடிஜி, அல்லது கன்வெக்‌ஷன் வசதியுள்ள மைக்ரோவேவ். ஓடிஜியின் வெப்பநிலைக் குமிழ் ஒரு தோராயமான வழிகாட்டி. 180 என்று வைத்தால் உள்ளே 155 இருக்கலாம், 205-உம் இருக்கலாம். இதைப் பழுதென்று சொல்ல முடியாது. வெப்பத்தை உணரும் பாகம் ஓவனின் ஏதோ ஒரு மூலையில் இருக்கிறது, கப்கேக் நடுவில் இருக்கிறது. தவிர, கம்பிகள் தொடர்ந்து எரிவதும் இல்லை. சூடு ஓர் அளவைத் தாண்டினால் அணைந்து, குறைந்ததும் மறுபடி எரிகின்றன. இடைப்பட்ட நேரத்தில் உள்சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

கேக்கில் ஆர்வமுள்ள வீட்டில் பொம்மை வடிவக் கப், விதவிதமான கிரீம் குழல் எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்க வேண்டியது ஓவனுக்குள் வைக்கும் ஒரு வட்ட வெப்பமானி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை நடுத்தட்டில், கப் இருக்கப் போகும் இடத்திலேயே வைத்து, குமிழை 180-இல் நிறுத்தி, மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரியும்படி திருப்பி, 20 நிமிடம் விட வேண்டும். பிறகு கண்ணாடி வழியாகவே ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை முள் காட்டும் எண்ணை நாலைந்து தடவை குறித்துக்கொள்ள வேண்டும். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் நடுவிலுள்ள எண்தான் அந்த ஓவனின் உண்மையான ‘180’.

வெப்பமானி இல்லாதவர்களுக்குச் சர்க்கரை உதவும். சர்க்கரை உருகுவது சுமார் 186 டிகிரியில். ஒரு சிறு ஃபாயில் துண்டில் அரைக் கரண்டி சர்க்கரையைப் பரப்பி, நன்றாகச் சூடான ஓவனில் 15 நிமிடம் வைக்கலாம். குமிழ் 175-இல் இருக்கும்போதே உருகினால் ஓவன் சொல்வதைவிடச் சூடு. 195-இல் வைத்தும் மணல் மணலாகவே இருந்தால் சொல்வதைவிடக் குளிர்ச்சி. எத்தனை டிகிரி வித்தியாசம் என்று இது சொல்லாது, எந்தப் பக்கம் வித்தியாசம் என்று மட்டும் சொல்லும். நேரம் அதிகமானால் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே சர்க்கரை நிறம் மாறத் தொடங்கும், அதனால் 15 நிமிடத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

முன்கூட்டிச் சூடாக்குவதிலும் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. விளக்கு அணைந்ததும் ஓவன் தயார் என்று எடுத்துக்கொள்கிறோம். அப்போது சூடாகியிருப்பது உள்ளே இருக்கும் காற்றுதான், சுவர்களும் தட்டும் இன்னும் ஆகவில்லை. கதவைத் திறந்து கப்களை வைக்கும் அந்தச் சில நொடிகளில் காற்றுச் சூடு வெளியே ஓடிவிடும். சுவர்கள் சூடாக இருந்தால் உடனே ஈடுகட்டும். இல்லாவிட்டால் முதல் ஐந்து நிமிடம், அதாவது உப்புவதற்கான மிக முக்கியமான ஐந்து நிமிடம், வீண். ஆகவே விளக்கு அணைந்த பின்னும் பத்து நிமிடம் பொறுப்பது நல்லது. மாலையில் மின்னழுத்தம் குறையும் தெருக்களில் இன்னும் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். 230 வோல்ட்டுக்குப் பதில் 200 வோல்ட்தான் வருகிறதென்றால் கம்பி தரும் சூடு முக்கால் பங்காகக் குறைந்துவிடும்.

தட்டை வைக்கும் இடமும் முக்கியம். கப்களின் மேல்விளிம்பு ஓவனின் சரிபாதி உயரத்தில் இருக்க வேண்டும். ஓடிஜி குள்ளமானது என்பதால் ஒரு படி மேலே போனாலும் மேற்கம்பி கப்களுக்கு மிக அருகில் வந்துவிடும். அப்போது தலை கருகும், நடு பச்சையாக இருக்கும்.

ஆறு கப்கேக்குக்கு ஓர் அளவு

சிறிய ஓடிஜியில் ஆறு குழியுள்ள தட்டுதான் காற்றோட்டத்துக்கு இடம் விட்டு நன்றாக உட்காரும். அதற்கேற்ற எளிய வெனிலா மாவுக்கு 100 கிராம் மைதா, 80 கிராம் பொடித்த சர்க்கரை, 60 கிராம் வெண்ணெய், ஒரு முட்டை, 60 மில்லி பால், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெனிலா எசன்ஸ் போதும். தேக்கரண்டி என்றால் 5 மில்லி அளவுக் கரண்டி, தலை தட்டி எடுத்தது. குவித்து எடுத்தால் அரைப்பங்கு கூடிவிடும். மைதாவைக் கப் கணக்கில் எடுப்பதைவிடத் தராசில் நிறுத்துவது உத்தமம். நம் வீடுகளில் கப் என்பது 200 மில்லி டம்ளராகவும் இருக்கும், 240 மில்லி அளவுக் கப்பாகவும் இருக்கும்.

வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கும் கட்டத்தில் சென்னை வெயில் குறுக்கே வரும். அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைக்க வெண்ணெய் விரல் பட்டால் அமுங்கும் பதத்தில், 20 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். அறைச் சூடு 32 டிகிரி என்றால் அது எண்ணெய்போல் இளகிவிடும், காற்று நிற்காது. அதனால் வெண்ணெயைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்துக்குள் துண்டு துண்டாக வெட்டி அடிக்கத் தொடங்கலாம். அடித்த கலவை வெளிறி லேசானதும் முட்டையைச் சேர்த்து அடித்து, பிறகு மைதாவையும் பாலையும் மாறி மாறிச் சேர்த்து, மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிட வேண்டும்.

இந்த மாவு மொத்தம் 350 கிராம் அளவுக்கு வரும். ஆறாகப் பிரித்தால் ஒரு கப்புக்கு 58 கிராம், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. அதற்கு மேல் ஊற்றினால் வழியும், வழியாவிட்டால் தலை கனத்து நடு உட்காரும். கலந்த மாவைக் காக்க வைக்கவும் கூடாது. ஈரம் பட்ட உடனேயே பேக்கிங் பவுடரின் ஒரு பகுதி வேலையைத் தொடங்கிவிடுகிறது. மாவு கலந்த பிறகு ஓவனை ஏற்றுவது வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு.

உள்ளே போன பின் முதல் 14 நிமிடம் கதவைத் தொடாமல் இருப்பது நல்லது. கதவைத் திறந்ததால்தான் குழிந்தது என்ற பழி வீடுகளில் சற்று அதிகமாகவே விழுகிறது என்றாலும், சிறிய ஓடிஜியில் அந்தப் பயம் ஓரளவு நியாயமானது. பதினைந்தாவது நிமிடத்தில் பின்வரிசைக் கப்கள் முன்வரிசையைவிடச் சிவந்திருந்தால் தட்டை ஒரு முறை திருப்பி வைக்கலாம். கதவை அறைந்து மூட வேண்டாம். இடையில் கரண்ட் போனால் கதவை மூடியபடியே விட வேண்டும். பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால் பெரும்பாலும் தப்பும்.

வெந்ததா என்று பார்க்க நிறத்தை நம்பக் கூடாது. விரல் நுனியால் நடுவில் மெல்ல அழுத்தினால் பள்ளம் தங்காமல் மேலே எழ வேண்டும். பிறகு ஈர்க்குச்சியையோ பல்குத்தும் குச்சியையோ சரியாக நடுவில் இறக்கி எடுத்தால், ஒட்டாமல் அல்லது ஓரிரு ஈரத் துகளோடு வர வேண்டும். மாவாகப் பூசிக்கொண்டு வந்தால் இன்னும் மூன்று நிமிடம். சாக்லெட் துண்டு சேர்த்த மஃபினில் குச்சி பொய் சொல்லும். உருகிய சாக்லெட் ஒட்டியதா, மாவு ஒட்டியதா என்று விரலில் தேய்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு கப்களில் சோதிப்பது நல்லது, அதிலும் ஒன்று தட்டின் மையத்துக்கு அருகில் உள்ளதாக இருக்கட்டும்.

எடுத்ததும் தட்டிலேயே ஐந்து நிமிடம் வைத்து, பிறகு கம்பித்தட்டுக்கு மாற்ற வேண்டும். தட்டிலேயே ஆறவிட்டால் ஆவி வெளியேற வழியில்லாமல் அடி நமுத்துப்போய் காகிதக் கப் கழன்றுவிடும்.

குழிந்த பிறகு காரணம் கண்டுபிடிப்பது

மேலே சொன்ன அளவையே ஒரு வீட்டில் செய்ததாக வைத்துக்கொள்வோம். குமிழ் 180, நேரம் 20 நிமிடம். தலை இளம் பொன்னிறம், பார்க்க அழகு. வெளியே எடுத்து ஐந்து நிமிடத்தில் ஆறில் நாலு நடுவில் குழிந்துவிட்டன. ஒன்றை நெடுக்குவாட்டில் வெட்டினால் ஓரம் பஞ்சுபோல் இருக்கிறது, நடுவில் மட்டும் மேலிருந்து கீழாகக் கூம்பு வடிவத்தில் மஞ்சளாக, அடர்த்தியாக, ஈரமாக ஒரு பகுதி. இந்தக் கூம்பு தெரிந்தால் வேறு காரணம் தேட வேண்டாம், நடு வேகவில்லை. வெப்பமானியை வைத்துப் பார்த்தால் முள் 150-க்கும் 170-க்கும் நடுவே அலைகிறது, சராசரி 160. கப்கேக்குக்கு வேண்டியது 175. ஆகவே அடுத்த முறை குமிழை 195-இல் வைக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே. அதே 20 நிமிடத்தில் கூம்பு மறைந்து, குச்சி சுத்தமாக வெளியே வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் காரணம் கையில் சிக்கும். வெப்பத்தைக் கூட்டி, பாலைக் குறைத்து, பேக்கிங் பவுடரையும் குறைத்தால் அடுத்த முறை நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

வேறொரு வகைக் குழிவு ஓவனுக்குள் இருக்கும்போதே நடக்கும். பத்தாவது நிமிடத்தில் கிடுகிடுவென்று விளிம்பைத் தாண்டி எழுந்து, சிவப்பதற்கு முன்பே தானாக அமுங்கிவிடும். வெட்டினால் உள்ளே வெந்துதான் இருக்கும், ஆனால் பெரிய பெரிய பொத்தல்கள் தெரியும். நாக்கில் சவர்க்காரம்போல் ஒரு சுவை. இது பேக்கிங் பவுடரோ ஆப்ப சோடாவோ அதிகமானதன் அடையாளம். வாயு அளவுக்கு மீறிக் கிளம்பியதால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வெடித்து, சுவர் இறுகும் முன்பே சரிந்துவிடுகின்றன. நன்றாக உப்ப வேண்டும் என்ற ஆசையில் ஒரு சிட்டிகை கூடப் போடுவதுதான் குழிவதற்கு நேர்வழி. நூறு கிராம் மைதாவுக்கு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அல்லது தயிர் சேர்த்த மாவென்றால் கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக ஆப்ப சோடா, அவ்வளவுதான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் பழைய பேக்கிங் பவுடர். இது குழியாது, எழவே எழாது. டப்பாவைத் திறந்து மாதக்கணக்கில் சமையலறை ஈரத்தில் வைத்திருந்தால், அரைத் தேக்கரண்டியைக் கொதிநீரில் போட்டுப் பார்க்க வேண்டும். பொங்கி நுரைக்காவிட்டால் குப்பைக்குத்தான்.

முட்டையில்லாத கப்கேக் தனி ஜாதி. அதில் சுவர் எழுப்பும் வேலையில் பாதியைச் செய்யும் முட்டை இல்லை, மைதா ஒன்றேதான் தாங்க வேண்டும். போதாக்குறைக்குப் பல குறிப்புகளில் முட்டைக்குப் பதிலாகக் கண்டென்ஸ்டு மில்க் வருகிறது, அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. அதனால் நடு இறுகுவது இன்னும் தாமதமாகும், தலை மட்டும் சீக்கிரம் சிவந்துவிடும். இதற்கு 165 டிகிரியில் 24 முதல் 28 நிமிடம் கொடுப்பதும், கப்பைப் பாதிக்குச் சற்று மேலே மட்டும் நிரப்புவதும் பலன் தரும். கண்டென்ஸ்டு மில்க் சேர்த்த மாவில் தனியாகச் சர்க்கரையும் போட்டால் குழிவது ஏறக்குறைய நிச்சயம்.

ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் சமவெளிக் குறிப்பு அப்படியே செல்லாது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதிக்கும். காற்றழுத்தம் குறைவென்பதால் அதே அளவு வாயு கூடுதலாக விரிந்து, மாவு இறுகும் முன்பே எழுந்து சரிந்துவிடும். பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறைத்து, வெப்பத்தை 5 முதல் 10 டிகிரி கூட்டி, பாலை இரண்டு தேக்கரண்டி அதிகப்படுத்துவது அங்கே வழக்கமான திருத்தம்.

மேலே சிவந்து உள்ளே பச்சையாக

முதல் எடுத்துக்காட்டு குளிர்ந்த ஓவனைப் பற்றியது. அளவுக்கு மீறிச் சூடான ஓவன் இதற்கு நேரெதிராக ஏமாற்றும். குமிழ் 180 காட்டும்போது உள்ளே 205 இருந்தால் 15 நிமிடத்திலேயே தலை நன்றாகச் சிவந்து, கூம்பாக எழுந்து, ஒரு பக்கம் வெடித்திருக்கும். கருகிவிடுமோ என்று பயந்து எடுத்துவிடுவோம். சில சமயம் வெடிப்பின் வழியாகப் பச்சை மாவு எரிமலைபோல் வெளியே பிதுங்கியிருக்கும். இதற்குப் பரிகாரம் நேரத்தைக் கூட்டுவதல்ல, குமிழை 150-க்கு இறக்குவது.

ஓவன் சரியாக இருந்தும் நடு பச்சையாக இருந்தால் மாவில் ஈரம் அதிகம் என்று சந்தேகிக்கலாம். வாழைப்பழ மஃபின் இதில் முதல் குற்றவாளி. ‘இரண்டு வாழைப்பழம்’ என்று குறிப்பு சொல்கிறது. அது ஏலக்கியா, மோரிஸா? உரித்த இரண்டு ஏலக்கி 100 கிராமைத் தாண்டுவதே அரிது, இரண்டு பெரிய மோரிஸ் 200-ஐத் தாண்டிவிடும். நூறு கிராம் மைதாவுக்கு மசித்த பழம் 100 கிராம் என்று நிறுத்துப் போட்டால் நடு களியாகாது. துருவிய கேரட்டை லேசாகப் பிழிந்தும், உறைந்த பழங்களைச் சிறிது மைதாவில் புரட்டியும் சேர்க்க வேண்டும். உறைந்த பழம் மாவையே குளிரவைக்கும் என்பதால் மூன்று நான்கு நிமிடம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

அச்சும் கணக்கில் வரும். சிலிக்கோன் அச்சு சூட்டை மெதுவாகக் கடத்தும், உலோகத் தட்டைவிட நாலைந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். கறுப்புத் தட்டு வேகமாகச் சூடாகி அடியைக் கருக்கும், அதில் 10 டிகிரி குறைக்கலாம். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவில் பெரும்பாலும் கீழ்க்கம்பி இருக்காது, அதனால் அடி வெளிறியும் ஈரமாகவும் நிற்கும். அதில் கப்களை உயரம் குறைந்த கம்பித்தாங்கியில் வைத்து அடியிலும் காற்றுப் போக வழி செய்ய வேண்டும். உலோகத் தட்டை கன்வெக்‌ஷனில் மட்டுமே பயன்படுத்தலாம், மைக்ரோவேவ் முறைக்குத் திருப்பிவிடக் கூடாது.

காப்பாற்ற முடிந்ததும் முடியாததும்

குச்சியில் மாவு ஒட்டுவது கப்கேக் இன்னும் சூடாக இருக்கும்போதே தெரிந்துவிட்டால் காப்பாற்றலாம். ஓவனை 160-க்கு இறக்கி, தலைகள் மேலும் சிவக்காமல் ஒரு ஃபாயில் தாளைக் கூடாரம்போல் தளர்வாக மூடி, ஐந்து முதல் எட்டு நிமிடம் மறுபடி வைக்க வேண்டும். ஓடிஜியில் மேற்கம்பியை அணைத்துக் கீழ்க்கம்பியை மட்டும் எரியவிடும் வசதி இருந்தால் அதுவும் உதவும். லேசாகத் தளர்ந்த நடு அப்படியே நின்றுவிடும். குழி விழுந்த பிறகு வைத்தால் வேகும், ஆனால் எழாது. வாயு போய்விட்டது.

முழுக்க ஆறிய பிறகுதான் பச்சை என்று தெரிந்ததென்றால் அதைக் கப்கேக்காக மீட்க முடியாது. பச்சை முட்டையும் பச்சை மைதாவும் வயிற்றைக் கெடுக்கக்கூடியவை, ‘கொஞ்சம் ஈரம்தானே’ என்று குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. எடுத்து ஓரிரு மணி நேரத்துக்குள் இருந்தால் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே தெரியும்படி 150 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் வைத்தால் ரஸ்க்போல் வறண்டு வேகும். டீக்கு நனைத்துக்கொள்ள நன்றாக இருக்கும். மைக்ரோவேவில் அரை நிமிடம் வைக்கும் குறுக்குவழி ஒரு பக்கத்தை ரப்பராக்கிவிட்டு இன்னொரு பக்கத்தை அப்படியே விட்டுவிடும்.

வெந்து குழிந்தவை வேறு. அவற்றில் உள்ள குறை வடிவம் மட்டுமே. குழியைக் கத்தி முனையால் வட்டமாகச் செதுக்கிச் சமப்படுத்தி, ஒரு கரண்டி ஜாமோ உருக்கிய சாக்லெட்டோ விட்டு, மேலே கிரீம் பிழிந்துவிட்டால் அது நடுவில் பூரணம் வைத்த கப்கேக். விருந்தினர் கேட்டால், குழி விழுந்தது என்று சொல்ல வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை.